முன்னாள் மாமனார் வீட்டுத் துக்கம்: நேரில் போவதா, எழுதுவதா, பிள்ளைகளை அனுப்புவதா

நல்ல காரியத்திற்கு அழைத்தால்தான் போக வேண்டும், துக்கத்திற்கு அழைக்காமலே போக வேண்டும் என்பது தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு யாரும் சொல்லித் தராமலே தெரிந்த வழக்கம். லயத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் தண்ணீர் கொண்டு வருபவர் ஒருவர், விறகு கொண்டு வருபவர் ஒருவர் என்று பத்து நிமிடத்தில் வாசல் நிறைந்துவிடும். ஆனால் அந்த வழக்கம் மணவிலக்கைக் கணக்கில் எடுத்துக்கொண்டு உண்டானதன்று. ஒரு காலத்தில் அந்த வீட்டு மருமகளாக இருந்து, இப்போது எந்த உறவுமுறையும் இல்லாதவளாகிவிட்ட ஒருத்தி அழைக்காமலே போக வேண்டுமா, அழைத்தாலும் போகக் கூடாதா என்பதற்கு அதில் பதில் இல்லை.

என் தங்கைக்கு இந்தக் கேள்வி ஒரு வியாழக்கிழமை இரவு வந்தது. அவள் மணவிலக்குப் பெற்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன. பதின்மூன்று வயது மகனோடும் ஒன்பது வயது மகளோடும் ஈப்போவில் இருக்கிறாள். பிள்ளைகளின் அப்பா மறுமணம் செய்துகொண்டார். அவருக்கு இரண்டு வயதில் ஒரு குழந்தை இருக்கிறது. அவருடைய தந்தையார், முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர், தோட்டத்தை விட்டு வந்தபின் சுங்கை சிப்புட்டில் தாமான் வீடொன்றில் இருந்தார். அன்றிரவு ஒன்பது மணிக்கு நாத்தனாரிடமிருந்து வாட்ஸ்அப்பில் இரண்டு வரி வந்தது: "அப்பா தவறிட்டாங்க அண்ணி. சனிக்கிழமை ரெண்டு மணிக்கு எடுக்கிறோம்." வாருங்கள் என்றும் இல்லை, வர வேண்டாம் என்றும் இல்லை. 'அண்ணி' என்ற சொல் மட்டும் பழக்கத்தில் வந்து விழுந்திருந்தது.

அன்றிரவு நாங்கள் எடுத்து வைத்துப் பார்த்த வழிகளையும், அதற்கு முன்பும் பின்பும் எங்கள் வட்டாரத்தில் நான் கண்டவற்றையும் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் தெளிவாக வேண்டியது, மணவிலக்கு எதை அறுக்கிறது, எதை அறுப்பதில்லை என்பதாகும். மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் அறுப்பது கணவன் மனைவி உறவை மட்டுமே. அந்தத் தீர்ப்புங்கூட வழக்கமாக மூன்று மாதம் கழிந்த பிறகே இறுதியாகிறது. பேரப்பிள்ளைகள் பேரப்பிள்ளைகளாகவே இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் தாய்மாமனாகவே இருக்கிறேன். ஆனால் நம்முடைய சாவு வீடு உறவுக்கு ஒரு வேலையை வைத்திருக்கும் இடம். மருமகள் என்றால் நீர் எடுத்து வர வேண்டும், சம்பந்தி என்றால் கோடியும் மாலையும் கொண்டு வர வேண்டும், பேரன் பேத்தி என்றால் நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டும். ஆகவே எந்த வழியையும், அதில் இப்போது நமக்கு உரியதல்லாத வேலைக்குள் கால் வைக்கிறோமா என்று பார்த்தே எடைபோட வேண்டும் என்பது என் கருத்து. வருத்தம் எவ்வளவு ஆழமானது என்பது அதற்கு அடுத்த கேள்வி.

உடல் கிடக்கும்போதே வீட்டுக்குப் போவது முதல் வழி. இறந்தவரின் முகத்தைப் பார்ப்பதற்கும், மாமியாரின் கையைப் பிடிப்பதற்கும் இதைவிட்டால் வேறு வழியில்லை. மற்றவை எல்லாம் இதற்கு ஈடாகச் செய்பவைதாம். வருவது தெரிந்தால் புது மருமகளின் மனம் என்னவாகும் என்றுதான் பலர் தயங்குகிறார்கள். நான் பார்த்த வரையில் சங்கடம் ஆள் வந்ததால் வருவதைவிட, வந்த நேரத்தால் வருவதே அதிகம். பிற்பகல் இரண்டு மணிக்கு எடுப்பதென்றால் பதினொன்றரை, பன்னிரண்டுக்குள் பண்டாரம் வந்து சடங்கைத் தொடங்கிவிடுவார். அதன் பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் உறவுமுறையைச் சொல்லி ஆட்களைக் கூப்பிடுவார்கள். "மருமகமாருங்க எல்லாம் வாங்க, வாய்க்கரிசி போடுங்க" என்று குரல் எழும்போது, அங்கே பழைய மருமகள் நின்றால் விவரம் தெரியாத ஒரு பெரியம்மா அவளை முதுகில் கை வைத்து முன்னே தள்ளிவிடுவார், விவரம் தெரிந்த மற்றொருவர் இழுத்துப் பிடிப்பார். வரிசையில் புது மருமகள் நின்றுகொண்டிருப்பாள். போனாலும் தவறு, ஒதுங்கினாலும் எல்லோர் கண்ணும் படும். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு வீட்டில் இது அப்படியே நடந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சில விநாடிகளைப் பற்றிய பேச்சு பதினாறாம் நாள் வரைக்கும் ஓயவில்லை.

ஆகவே போவதென்றால் சடங்கு தொடங்கும் நாளின் முற்பகலைத் தவிர்த்துவிட்டு, முந்தைய நாள் காலையில் போவது நல்லது. அந்நேரத்தில் பந்தலில் நாற்காலிகள் பாதி காலியாக இருக்கும். ஆண்கள் இறப்புப் பதிவுக்கும் மின்சுடலையில் நேரம் பேசுவதற்கும் வெளியே போயிருப்பார்கள். வீட்டில் மாமியாரும் மகள்மாரும் அக்கம்பக்கத்துப் பெண்களுமே இருப்பார்கள். மாலை நேரத்தையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். வேலை முடிந்து ஊரே வரும் நேரம் அது, தேவாரம் பாட வருகிறவர்களும் அப்போதுதான் வருவார்கள்.

போவதற்கு முன் கேட்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் முன்னாள் கணவரிடம் கேட்கக் கூடாது. தந்தைக்குத் தலைமகன், தாய்க்கு இளையமகன் என்ற முறையில் கொள்ளி வைக்கப் போகிறவர் அவராக இருந்தால், அந்த இரண்டு நாளும் அவர் எதற்கும் முடிவு சொல்லும் நிலையில் இருக்க மாட்டார்; சொன்னாலும் மனைவியை ஒரு பக்கமும் அம்மாவை ஒரு பக்கமும் வைத்துச் சொல்ல வேண்டியிருக்கும். செய்தி சொன்னவரிடமே கேட்பது முறை. தங்கை நாத்தனாருக்கு இப்படி எழுதினாள்: "நாளை காலை எட்டு மணிக்கு அண்ணனோடு வந்து அத்தையைப் பார்த்துவிட்டு உடனே கிளம்பிவிடலாம் என்று நினைக்கிறேன். வீட்டில் யாருக்காவது சங்கடம் என்றால் சொல், பிறகு ஒரு நாள் வருகிறேன், நான் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன்." மறுப்பதற்கு வழி வைத்துக் கேட்டதால்தான் பதில் பத்து நிமிடத்தில் வந்தது: "வாங்க அண்ணி. அம்மா கேட்டாங்க." ஒருவேளை "பார்க்கலாம்" என்றோ "அண்ணன்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றோ வந்திருந்தால் அதை மறுப்பாகவே எடுத்துக்கொள்வதென்று முடிவு செய்திருந்தோம்.

ஆண்கள் நிலையில் ஒரு வேறுபாடு உண்டு. முன்னாள் மனைவியின் அப்பாவோ அம்மாவோ இறந்தால், ஒருவர் வீட்டுப் பக்கம் போகாமல் நேராக மின்சுடலைக்கோ இடுகாட்டுக்கோ போய், ஆண்கள் கூட்டத்தின் பின்னால் நின்றுவிட்டு, அவளுடைய அண்ணன் தம்பியின் கையைத் தொட்டுவிட்டுக் கிளம்பிவிடலாம். அது யாருக்கும் சுமையில்லாத நல்ல வழி. பெண்கள் சுடலைக்குப் போவது இப்போது நம் நாட்டில் கூடி வருகிறது என்றாலும், போகிறவர்கள் பெரும்பாலும் மகள், மருமகள், பேத்தி என்று நெருங்கிய உறவாகவே இருப்பதால், பழைய மருமகள் அங்கே நிற்பது வீட்டில் நிற்பதைவிட அதிகமாகக் கண்ணில் படும்.

இனி, எடுத்த பிறகு போவது. மூன்றாம் நாளிலிருந்து பதினைந்தாம் நாள் வரை எந்த நாளும் ஆகும். செவ்வாய், வெள்ளி பார்ப்பவர்கள் வீட்டில் அதைத் தவிர்க்க வேண்டும். கூட்டம் கலைந்து, கடன் கணக்கும் தனிமையும் ஒன்றாக வந்து உட்காரும் நாள்கள் அவை. மாமியார் என்ற ஒருவருக்காக மட்டும் போவதாக இருந்தால் இந்த வழி முதல் வழியைவிட மேலானது என்றே நினைக்கிறேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்து அவர் சொல்வதைக் கேட்க முடியும். இதன் குறை ஒன்றே ஒன்று: முகம் பார்க்க முடியாது. மாமனாரோடு மனத்தில் ஏதும் மிச்சம் இல்லாதவர்களுக்கு அது குறையாகவும் இராது. தங்கைக்கு அப்படியில்லை. பிரிந்த பிறகும் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு முந்தைய வாரம் தவறாமல் பேருந்தில் ஈப்போவுக்கு வந்து, பேருந்து நிலையத்திலேயே பிள்ளைகளைப் பார்த்து, ஆளுக்கு இருபது வெள்ளியைக் கையில் வைத்து அழுத்திவிட்டு, வீட்டுக்கு வராமலே திரும்பிவிடும் மனிதர் அவர். வீட்டுக்கு வந்தால் மகனுக்கு மனம் சங்கடப்படும் என்பது அவர் கணக்கு.

எழுத்தில் அனுப்புவது அடுத்தது. முன்னாள் கணவருக்கோ மனைவிக்கோ நேரில் சொல்வதைவிடக் குறுஞ்செய்தியே பொருத்தம் என்பது என் துணிபு, ஏனென்றால் நேரில் இருவரும் பேசும் காட்சியை நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் அது தனிச்செய்தியாக இருக்க வேண்டும். முகநூலிலோ, இன்னும் பெயர் நீக்கப்படாமல் கிடக்கும் பழைய குடும்ப வாட்ஸ்அப் குழுவிலோ போடும் இரங்கல், அவரைவிட மற்றவர்கள் படிப்பதற்காக எழுதியதாகவே தோன்றும். கும்பிடும் கையும் பூவும் வைத்த ஆயத்தப் படத்தை அனுப்புவதைவிட, மூன்று வரியைத் தானே தட்டுவது மேல். தங்கை அனுப்பியது இது:

"மாமா தவறிய செய்தி கேட்டு மிகவும் வருந்துகிறேன். பிள்ளைகள் மேல் அவர் வைத்திருந்த அன்பை நான் மறக்க மாட்டேன். சனிக்கிழமை காலை அண்ணன் பிள்ளைகளை அழைத்து வருவார். இதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை."

இதில் நான்காவது வரிதான் மிகவும் வேண்டியது என்பேன். பதில் எழுதாவிட்டால் மரியாதைக் குறைவு, எழுதினால் வீட்டில் கேள்வி என்ற இக்கட்டிலிருந்து அது அவரை விடுவிக்கிறது. 'மாமா' என்ற சொல்லில் ஓர் ஐயம் எழுந்தது. நம் மொழியில் வயதில் மூத்த எவரையும் மாமா, அத்தை என்று அழைக்கலாம் என்பதால், அது உரிமை கொண்டாடுவதாகாது என்று வைத்துக்கொண்டோம். 'அப்பா' என்று எழுதியிருந்தால்தான் வேறு பொருள் வந்திருக்கும்.

முதலில் அவள் எழுதி அழித்ததையும் சொல்ல வேண்டும். "கடைசிவரை அவர் என்னை மருமகளாகத்தான் நினைத்தார்" என்று ஒரு வரி இருந்தது. அது உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் படிக்கிற வீட்டில் இப்போது ஒரு மருமகள் இருக்கிறாள். "நமக்குள் என்ன நடந்திருந்தாலும்" என்று தொடங்கும் வாக்கியமும் அப்படித்தான், நடந்ததை எல்லாம் வாசலுக்கு இழுத்து வந்துவிட்டு மறந்துவிடு என்கிறது. பிள்ளை வளர்ப்புச் செலவோ பராமரிப்புரிமையோ பற்றிய வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். எழுதிய ஒவ்வொரு வரியையும் நீதிமன்றத்தில் எடுத்து நீட்ட முடியும் என்பதால், இரங்கலுக்குள் பணமும் மன்னிப்பும் வாக்குறுதியும் நுழையக் கூடாது.

கையால் எழுதும் கடிதத்தைச் சிலர் பழைய பாணி என்பார்கள். ஆறாம் வகுப்பு வரை தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்த ஒரு மாமியாருக்கு, பத்தாம் நாள் வாக்கில் வந்து சேரும் ஒரு பக்கக் கடிதம் அலமாரியில் துணிக்கடியில் இருக்கும் பொருளாகிவிடும். தொலைவில், சிங்கப்பூரிலோ ஜொகூரிலோ இருப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஒரே எச்சரிக்கை: அந்தக் கடிதத்தைக் கண் தெரியாத பாட்டிக்கு வீட்டில் யாரோ உரக்கப் படித்துக் காட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டே எழுத வேண்டும்.

பிள்ளைகளை அனுப்புவதை ஒரு தனி வழியாக எண்ணுவது தவறு. அது எல்லா வழியோடும் சேர்ந்து நடக்க வேண்டியது. அவர்கள் துக்கம் கேட்கப் போகிறவர்கள் அல்லர், துக்கத்துக்கு உரியவர்கள். தாய் போகிறாளா இல்லையா என்பதோடு இதைக் கட்டிவிட்டால், பின்னாளில் தாத்தாவுக்கு நெய்ப்பந்தம் பிடிக்கவில்லையே என்று அந்தப் பையன் கேட்கும்போது பதில் இராது. யாரோடு அனுப்புவது என்பதுதான் கேள்வி, அதற்குத் தாய்மாமன் பொருத்தமானவன். அவன் எங்கே நின்றாலும் பிள்ளைகளின் மாமன் என்ற ஒரே பெயரில் நிற்கலாம். பள்ளிக்கு ஒரு கடிதம் கொடுத்தால் பிள்ளைகளுக்கு விடுப்பு கிடைத்துவிடும். தாய்க்குத்தான் சிக்கல். இரங்கல் விடுப்பை நம் நாட்டு வேலைவாய்ப்புச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. கொடுக்கும் நிறுவனங்களும் மாமனார் என்றால் கொடுக்கும், முன்னாள் மாமனார் என்ற பட்டியலை நான் எங்கும் பார்த்ததில்லை. ஆண்டு விடுப்பில்தான் கழிக்க வேண்டும்.

தவறு செய்யப் பார்த்தது நான்தான். வெள்ளிக்கிழமை காலை கடைவீதியில் மாலை வாங்கியபோது, வெறுங்கையோடு போகக் கூடாதே என்று துணிக்கடை திறந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். கோடி எடுத்துப் போவது சம்பந்தி வீட்டுக் கடமை. அதை நான் கொண்டுபோயிருந்தால் ஆறு ஆண்டுக்கு முன் முடிந்த உறவை நானே புதுப்பிப்பதாகியிருக்கும், புது மருமகளின் அண்ணன் கொண்டு வந்த கோடிக்குப் பக்கத்தில் என்னுடையதும் கிடந்திருக்கும். தங்கைதான் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மாலை யார் வேண்டுமானாலும் போடலாம், அது போதும். பணமும் இதே போலத்தான். பெயர் எழுதும் வீடாக இருந்தால், நோட்டில் ஏறிய தொகை என்றாவது ஒருநாள் திருப்பிச் செய்ய வேண்டிய மொய்யாகிறது. நூறு வெள்ளியை உறையில் வைத்து மாமியாரின் கையிலேயே கொடுத்தோம்; பெயர் எழுதவில்லை.

எட்டு மணிக்குப் போனோம். அத்தை பாயில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். தங்கை மாலையைப் போட்டுவிட்டு, பெட்டியின் அருகில் ஒரு நிமிடம் நின்றாள். பிறகு அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவர் அவள் கையை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டு, "உள்ளங்கை எல்லாம் என்னடி இப்படிச் சொரசொரன்னு இருக்கு" என்றார். சாவு வீட்டில் அப்படித்தான் ஏதோ ஒன்று வரும். புது மருமகள் உள்ளிருந்து இரண்டு தண்ணீர்ப் புட்டிகளைக் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனாள். தங்கை தலையசைத்தாள், அவளும் தலையசைத்தாள். அதற்கு மேல் எதையும் பேச முயலாதது இருவருக்கும் நல்லது. இருபது நிமிடத்தில் எழுந்தோம். போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாத வீடாதலால் விடைபெறும் சங்கடமும் இல்லை.

பதினாறாம் நாள் கருமக்கிரியைக்குத் தங்கை போகவில்லை. அழைப்பு வந்தாலும் போக வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். உருமால் கட்டுவது தொடங்கி அன்றைய எல்லாச் சடங்கும் சம்பந்தி முறையிலும் மாமன் மைத்துனன் முறையிலும் நடப்பவை. முதல்நாளில் துக்கம் மறைத்துவிடும் உறவுக்கணக்கு அன்று பட்டப்பகலில் தெரியும். பத்திரிகையில் வந்த நினைவஞ்சலியில் பேரப்பிள்ளைகள் வரிசையில் இரண்டு பிள்ளைகளின் பெயரும் இருந்தன, மருமகள்கள் வரிசையில் இவள் பெயர் இல்லை. சேர்க்கச் சொல்லியோ நீக்கச் சொல்லியோ யாரும் கேட்கவில்லை என்பதே நிறைவு.

எதுவும் செய்யாமல் இருப்பதும் ஒரு வழிதான், சில வேளைகளில் அதுவே சரியான வழி. அடி உதை காரணமாகப் பிரிந்து, 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு ஆணை நடப்பில் இருந்தால் கணக்கே வேறு. ஆணை வாங்கியவர், தம் பாதுகாப்பைப் பணயம் வைத்துத் துக்கம் கேட்கப் போக வேண்டியதில்லை. ஆணைக்கு உட்பட்டவரோ, தொடர்பு கொள்ளக் கூடாதென்று அதில் இருந்தால், இரங்கல் செய்தி அனுப்புவதுகூட மீறலாகிவிடலாம் என்பதை உணர வேண்டும். இரு தரப்புக்கும் பொதுவான ஒரு பெரியவர் வழியாக ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலாமா என்பதைக்கூட வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டே செய்ய வேண்டும். அப்படி எந்தக் காரணமும் இல்லாமல் வெறும் கூச்சத்தால் பேசாமல் இருப்பதை மாமியார்கள் மறப்பதில்லை. "ஒரு வார்த்தை கேக்கல பாரு" என்று பல ஆண்டு கழித்தும் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் அன்றிரவுக் கணக்கில் வராமல் பிறகு வந்தது. தந்தைவழிப் பேரப்பிள்ளைகளுக்குத் தீட்டு உண்டு. ஆண்டு திரும்பும்வரை அந்த வீட்டில் தீபாவளி இல்லை. தாயோடு வேறு வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு எப்படி? தங்கைக்குத் தீட்டில்லை, ஒரே கூரையின் கீழ் அவளுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று என்று வைக்கவும் முடியாது. அக்டோபரில் அவள் பிள்ளைகளின் அப்பாவுக்கு, "பிள்ளைகளுக்குப் புதுத்துணி எடுக்கலாமா, வேண்டாமா என்று அத்தையிடம் கேட்டுச் சொல்லுங்கள்" என்று எழுதினாள். பதில் மறுநாள் வந்தது: "எடுக்கச் சொன்னாங்க. பட்டாசு மட்டும் வேண்டாமாம்."